மெஷின் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது?

புது மெஷினுக்குக் கொட்டேஷன் வந்ததும் பட்டறைக்காரர் விலையைப் பார்ப்பார், டெலிவரி எத்தனை வாரம் என்று பார்ப்பார், வாரண்டி வரியைப் பார்ப்பார். அதில் “12 மாதம்” என்று இருக்கும். சரி என்று அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். அது எந்த 12 மாதம் என்பது கொட்டேஷனின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், விற்பனை நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மெஷினை நிறுத்தி ஓட்டிக் காட்டும் கமிஷனிங் ஆன நாளிலிருந்து 12 மாதம் அல்லது டிஸ்பேட்ச் ஆன நாளிலிருந்து 18 மாதம், இவற்றில் எது முந்தியோ அது.

கடைசி மூன்று சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் உதாரணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோவைப் பக்கம் பம்ப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்று 42 லட்ச ரூபாய்க்கு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் ஒரு வி.எம்.சி. வாங்குகிறது. 20 சதவீதம் முன்பணம், மீதி டிஸ்பேட்சுக்கு முன். மெஷின் 10 ஜனவரி 2023 அன்று லாரி ஏறியது. ஆனால் புது ஷெட் வேலை முடியவில்லை, கூடுதல் ஈ.பி. லோடும் வரவில்லை. மெஷின் தார்பாய்க்குள்ளேயே கிடந்து, கடைசியில் 20 செப்டம்பர் 2023 அன்றுதான் கமிஷனிங் ஆனது.

முதல் கணக்குப்படி வாரண்டி 19 செப்டம்பர் 2024 வரை. இரண்டாவது கணக்குப்படி 9 ஜூலை 2024 வரை. எது முந்தியோ அதுதான் என்பதால் ஜூலை 9 அன்று வாரண்டி முடிந்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து எண்ணினால் கிடைத்தது ஒன்பதரை மாதத்துக்குச் சற்று மேல். டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் ஆகஸ்ட் 2 அன்று சிக்கி நின்றது. விற்றவர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், “சார், வாரண்டி முடிஞ்சு 24 நாள் ஆச்சு, ஸ்பிண்டிலுக்குத் தனியா கொட்டேஷன் அனுப்பறோம்” என்று பதில்.

விற்பவர் பக்கம் இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. வாங்கியவர் ஷெட் கட்டி முடிக்கும்வரை, ஆண்டுக்கணக்கில் ஒரு பொறுப்பைத் தலையில் சுமக்க அவர் தயாராக இல்லை. பேரிங்கில் உள்ள கிரீஸ் ஓடாமல் கிடந்தாலும் கெடும், மெஷின் கைடுவேயில் துரு ஏறும். ஆனால் 12-உம் 18-உம் பேரம் பேசக்கூடிய எண்கள். தாமதம் விற்பவரால் வந்தால், அதாவது அவருடைய எஞ்சினியர் வரத் தாமதித்தாலோ, குறைபாடான பாகத்தை மாற்றிக்கொண்டிருந்தாலோ, அந்த நாள்கள் 18 மாதத்தில் சேராது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். ஷெட் தயாராகவில்லை என்று தெரிந்தால் டிஸ்பேட்சையே தள்ளிப்போடச் சொல்வது அதைவிட எளிது. வீட்டுக்கு வந்துவிட்ட மெஷின் கண்ணில் பட்டால்தான் நிம்மதி என்று நினைத்து நாமே கடிகாரத்தை ஓட விடுகிறோம்.

கமிஷனிங் தாளில் போடும் கையெழுத்து

வாரண்டி என்ற சொல் கடைத்தெருவில் ஒரு பொருளிலும் சட்டத்தில் இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. கடையில் அது பெரிய உறுதிமொழி. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் அது சிறிய உறுதிமொழி. அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு விற்பனை ஒப்பந்தத்தின் உறுதிமொழிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படையான உறுதிமொழி ‘கண்டிஷன்’. அது மீறப்பட்டால் மெஷினையே வேண்டாம் என்று நிராகரிக்கலாம். பக்கவாட்டில் வருவது ‘வாரண்டி’. அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம், மெஷினைத் திருப்ப முடியாது.

இதில் பட்டறைக்காரர்கள் அறியாத இடம் 13-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. பிரித்துப் பார்க்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் வாங்குபவர் சரக்கை ‘ஏற்றுக்கொண்டுவிட்டால்’, அதற்குப் பிறகு கண்டிஷன் மீறலையும் வாரண்டி மீறலாகத்தான் கருத முடியும். அதாவது ஏற்றுக்கொண்ட நிமிடத்தோடு நிராகரிக்கும் உரிமை போய்விடுகிறது, நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சுகிறது. ஏற்றுக்கொள்வது எப்போது நடக்கிறது என்று 42-ஆவது பிரிவு சொல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று தெரிவித்தால், அல்லது தன் சொந்தப் பொருள்போல அதைக் கையாண்டால், அல்லது மறுப்பு எதுவும் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால்.

கமிஷனிங் அன்று எஞ்சினியர் நீட்டும் தாளில் “மெஷின் திருப்திகரமாக இயங்குகிறது” என்று ஒரு வரி அச்சடிக்கப்பட்டிருக்கும். மாலை ஆறு மணி, அவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும், இவருக்கு முதல் பீஸ் வந்த சந்தோஷம். கையெழுத்து விழுந்துவிடும். அந்த நாளில் ஓட்டிப் பார்த்தது ஒரு அலுமினியக் கட்டை, அரை மணி நேரம். பட்டறை ஓட்டப்போவதோ வார்ப்பிரும்பு, இரண்டு ஷிப்ட். இரண்டுக்கும் ஸ்பிண்டில் மேல் விழும் சுமை ஒன்றல்ல. சூடேறிய பிறகு அளவு எவ்வளவு நகர்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரியவும் தெரியாது.

சட்டம் வழி விட்டிருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த 13(2) விதி பொருந்தாது. 41-ஆவது பிரிவும், முன்பே பார்க்காத சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது. அதனால் வாங்குவதற்கு நாம் கொடுக்கும் ஆர்டரான பி.ஓ.விலேயே இன்னின்ன பாகம், இன்ன உலோகம், இத்தனை பீஸ் தொடர்ச்சியாக, இன்ன டாலரன்சுக்குள் வந்தால்தான் ஏற்பு, அதுவரை நிராகரிக்கும் உரிமை உண்டு என்று எழுதிவிடலாம். எழுதாமல் விட்டவர்களுக்கும் அன்று மாலை ஒரு வழி இருக்கிறது. அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவால், “ஓட்டம் மட்டும் பார்க்கப்பட்டது, உற்பத்திச் சோதனை பாக்கி” என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது. எஞ்சினியர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

பாகத்தின் பெயரை பி.ஓ.வில் எழுதுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. 16-ஆவது பிரிவின்படி, எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்று விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், மெஷின் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற கண்டிஷன் ஒப்பந்தத்தில் சொல்லாமலே இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால் தகுதி பற்றிய அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. வெறும் மாடல் நம்பரை மட்டும் எழுதி அனுப்பும் பி.ஓ. இந்த விலக்குக்குள் போய் விழக்கூடும். இந்தப் பாதுகாப்பு முழுவதையுமே 62-ஆவது பிரிவின் கீழ் ஒப்பந்தத்தால் நீக்கிவிடலாம் என்பதும் உண்டு. பொடி எழுத்தில் “மேலே சொன்ன வாரண்டியைத் தவிர வேறு எந்த வெளிப்படையான அல்லது மறைமுகமான உறுதியும் கிடையாது” என்று வருகிற வரி செய்யும் வேலை அதுதான்.

ரிப்பேர் மட்டும்தான் பரிகாரம் என்றால்

வாரண்டிக்குள் குறை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? வழக்கமான வாசகம், குறைபாடுள்ள பாகத்தை விற்பவர் தன் விருப்பப்படி ரிப்பேர் செய்வார் அல்லது மாற்றித் தருவார், வாங்கியவருக்கு இதுவே ஒரே பரிகாரம் என்று போகும். “தன் விருப்பப்படி” என்பதில் தேர்வு அவர் கையில் இருக்கிறது. “ஒரே பரிகாரம்” என்பதில் 59-ஆவது பிரிவு நமக்குத் தருவது, அதாவது விலையில் குறைத்துக்கொள்ளவும் நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடவும் உள்ள உரிமை, ஒதுக்கப்படுகிறது.

ஒரே குறைக்கு நான்கு முறை எஞ்சினியர் வந்து போகிறார், குறை போகவில்லை. அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பில் 2-719 என்று ஒரு பிரிவு உண்டு. ஒப்பந்தம் கொடுத்த ஒற்றைப் பரிகாரம் அதன் நோக்கத்தில் தோற்றுவிட்டால் சட்டத்தின் பொதுப் பரிகாரங்கள் மீண்டும் உயிர்பெறும். நம் சரக்கு விற்பனைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆகவே நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே குறை மூன்று முறைக்கு மேல் திரும்பினாலோ, தெரிவித்து 30 நாளில் சரியாகாவிட்டாலோ, மெஷினை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று. விற்பவர்கள் இதற்கு நான் பயந்த அளவுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. நாள் கணக்கை மட்டும் கூட்டச் சொல்வார்கள்.

டர்ன்கீ ஒப்பந்தங்களில், அதாவது அஸ்திவாரம் போட்டு, மெஷின்களை நிறுத்தி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் வேலைகளில், வாரண்டிக்குப் பதிலாக ‘டிஃபெக்ட் லயபிலிட்டி பீரியட்’ என்று எழுதுவார்கள். குறைப் பொறுப்புக் காலம் என்று சொல்லலாம். ஒப்படைத்த பிறகும் அந்தக் காலத்துக்குள் தலைகாட்டும் குறைகளைத் தன் செலவில் வந்து சரிசெய்வது ஒப்பந்தக்காரர் கடமை என்பது அதன் சாரம். வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து அந்தச் செலவை அவர் பணத்திலிருந்து பிடிக்கலாம் என்ற வரியும் கூடவே வரும். ஒற்றை மெஷின் பி.ஓ.வில் இந்த வரி அநேகமாக இருக்காது. கேட்டு வாங்க வேண்டியது.

பணத்தைப் பிடித்து வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. விலையில் 10 சதவீதத்தை வாரண்டி முடியும்வரை நிறுத்தி வைப்பது பழைய வழக்கம். ஆனால் விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவராக இருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் குறுக்கே வரும். கோவையில் மெஷின் செய்பவர்களில் இப்படிப் பதிவு செய்தவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை போட்டாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதக் கூட்டு வட்டி ஏறும். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் டெலிவரி நாளையே ஏற்பு நாளாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, 10 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம், அதாவது பேங்க் கேரண்டி, வாங்கிக்கொள்வது உத்தமம். அதன் காலாவதித் தேதி வாரண்டி முடிவுக்கு மூன்று மாதமாவது பிந்தியதாக இருக்கட்டும்.

விலக்குகள்: யார் குற்றம் என்று பேரிங் சொல்லும்

ஃபில்டர், பெல்ட், வைப்பர், ஃபியூஸ் போன்ற தேயும் சாமான்களுக்கு வாரண்டி கிடையாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. கன்ட்ரோலர், மோட்டார் போன்ற வெளியில் வாங்கிப் பொருத்தியவற்றுக்கு அந்தந்த உற்பத்தியாளர் தரும் வாரண்டிதான் என்பதிலும் பெரிய சண்டை வராது, ஆனால் அந்த வாரண்டி என்று தொடங்கியது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சண்டை வருவது மூன்று விலக்குகளில்: மின்சார ஏற்றத்தாழ்வு, ஆபரேட்டர் தவறு, பராமரிப்புக் குறைவு. ஸ்பிண்டில் போனால் இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் மேசைக்கு வரும்.

நம் பட்டறை ஸ்பிண்டிலுக்கே வருவோம். கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் பாதி வழக்கு தீர்ந்துவிடும். டூல் எங்கோ மோதியிருந்தால் பேரிங்கின் ஓடுபாதையில், பந்துகள் நிற்கும் அதே இடைவெளியில் வரிசையாகக் குழிகள் விழுந்திருக்கும். கன்ட்ரோலரின் அலாரம் பதிவிலும் ஓவர்லோடு அலாரம் அந்தத் தேதியோடு நிற்க வாய்ப்புண்டு. கூலண்ட் உள்ளே புகுந்திருந்தால் கிரீஸ் கழுவப்பட்டு, பந்துகளில் பழுப்புத் துரு இருக்கும். இந்த இரண்டாவதுதான் சிக்கலானது. கூலண்ட் புகாமல் இருக்க ஸ்பிண்டில் மூக்கில் உள்ளிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும்படி பல மெஷின்களில் அமைத்திருப்பார்கள். பட்டறையின் கம்ப்ரசர் காற்று ஈரமாகவோ, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் குறைவாகவோ இருந்தால் குற்றம் பட்டறையுடையது. காற்று சரியாக இருந்தும் சீல் விட்டிருந்தால் குற்றம் மெஷினைச் செய்தவருடையது. துரு ஒன்றுதான், பொறுப்பு இரண்டு வேறு ஆட்களுடையது.

அதனால் ஏர் டிரையர் பில், தினசரி காற்றழுத்தம் குறித்த நோட்டு, ஸ்டெபிலைசர் பில், அர்த்திங் சோதனைத் தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பவர் கை ஓங்கியிருக்கும். விலக்கைக் காட்டி மறுப்பவரே அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும் என்பது பொதுவான அணுகுமுறைதான். ஆனால் ஸ்பிண்டிலை அவருடைய தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்ட பிறகு எதைக் காட்டுவது, எதை மறுப்பது? கழற்றும்போது நம் ஆள் ஒருவர் கூட இருப்பது, கழற்றிய பேரிங்கைப் படம் எடுப்பது, பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்பே எழுதிக் கேட்பது, இவையெல்லாம் அனுப்புவதற்கு முந்தைய வேலை.

வருமான இழப்பு

ஸ்பிண்டில் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம் என்றால், வேலை நாள் 40 என்று வைப்போம். இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம், மணிக்கு 650 ரூபாய் ரேட். பெருக்கினால் 4,16,000 ரூபாய். இதைக் கேட்கலாமா?

ஏறக்குறைய எல்லா மெஷின் கொட்டேஷனிலும் மறைமுக இழப்பு, லாப இழப்பு, உற்பத்தி இழப்பு எதற்கும் பொறுப்பில்லை என்று இருக்கும். இந்தச் சிந்தனையின் வேர் ஒரு மெஷின் வழக்கில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் ஒரு மாவு மில்லின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. மாதிரிக்காகப் பழைய ஷாஃப்டை க்ரீனிச்சுக்குக் கொண்டுபோன வண்டிக்காரர்கள் தாமதித்தார்கள். மில் நின்ற நாள்களுக்கு லாபம் கேட்டு வழக்கு. 1854-இல் ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் தீர்ப்பு, மாற்று ஷாஃப்ட் இல்லாமல் மில்லே நின்றுபோகும் என்பதை வண்டிக்காரர் ஒப்பந்தத்தின்போது அறியாததால் அந்த இழப்பு அவர் தலையில் விழாது என்றது. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு இதே தடத்தில் போகிறது. வழக்கமாக விளையும் இழப்பும், விளையும் என்று இருவரும் முன்பே அறிந்த இழப்பும் கிடைக்கும், தொலைவான இழப்பு கிடைக்காது.

பொறுப்பில்லை என்ற வரி இருந்தால் 73-ஆவது பிரிவுக்குப் போகும் முன்பே கதவு அடைபட்டுவிடும். இரு வியாபாரிகள் தெரிந்தே எழுதிக்கொண்ட வரியை நீதிமன்றம் எளிதில் ஒதுக்காது. அந்த வரி இல்லாவிட்டாலும் 4,16,000 அப்படியே வராது. மெஷின் ஓடாததால் மிச்சமான மின்சாரம், டூல், கூலண்ட் செலவைக் கழிப்பார்கள். நஷ்டத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். வேலையைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்து மணிக்கு 150 ரூபாய் கூடுதலாகச் செலவானது என்றால், அந்த பில்களே நிரூபிக்க எளிதான நஷ்டம். லாப இழப்பு என்ற பெரிய சொல்லைவிட அந்தச் சின்ன பில்கள் கனமானவை.

எந்த வாசலுக்குப் போவது

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு சி.என்.சி. டர்னிங் சென்டர் வாங்கிய மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனமான லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸும் அப்படித்தான் போனது. மெஷின் தாமதமாக வந்தது, குறையுடையது என்பது புகார். மாநில ஆணையம் 2.48 லட்ச ரூபாய் தரச் சொன்னது, தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் தேசிய ஆணையத்தின் பக்கமே நின்றது. மெஷினில் குறை இருந்ததா என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. லாபத்துக்காகப் பெரிய அளவில் உற்பத்தி செய்ய வாங்கிய மெஷின் வணிக நோக்கத்துக்கானது, வாங்கியவர் நுகர்வோர் அல்ல, சிவில் நீதிமன்றம் போகலாம் என்றது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கி ஓட்டுபவருக்கு மட்டும் விதிவிலக்கு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விதிதான். ஒரு லேத் வைத்துத் தானே ஓட்டுபவர் போகலாம். இரண்டு ஷிப்டுக்கு ஆள் வைத்து ஓட்டும் நம் பட்டறைக்குக் கஷ்டம்.

அந்தப் பட்டறைக்கு வணிக நீதிமன்றம் அல்லது ஒப்பந்தத்தில் எழுதிய ஆர்பிட்ரேஷன்தான் வழி. காலக்கெடு ஒப்பந்தம் மீறப்பட்டதிலிருந்து 3 ஆண்டு. “ஏழு நாளுக்குள் எழுதித் தெரிவிக்காவிட்டால் உரிமை அழியும்” என்பது போன்ற வரிகள் ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவோடு மோதும். குறிப்பிட்ட கெடு முடிந்ததும் உரிமையையே அழிக்கும் வாசகம், 1997 திருத்தத்துக்குப் பிறகு அந்த அளவுக்குச் செல்லாது. ஆனால் வாரண்டிக் காலம் என்பதே கெடு அல்ல. எந்தக் காலத்துக்குள் தோன்றும் குறைக்குப் பொறுப்பு என்ற அளவுகோல் அது, அது செல்லும்.

நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 2 கதையின் முடிவு அல்ல. மே 14 அன்றே ஸ்பிண்டிலில் சத்தம் வருகிறது என்று பட்டறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. மே 22 அன்று எஞ்சினியர் வந்து, “சத்தம் இருக்கிறது, ஓட்டிக்கொண்டே கவனிக்கவும்” என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். குறை தோன்றியது வாரண்டிக்குள், தெரிவித்ததும் வாரண்டிக்குள், ஓட்டச் சொன்னதும் விற்றவருடைய ஆள். மின்னஞ்சலையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து ஒரு கடிதம் போனதும் ஸ்பிண்டில் இலவசமாக வர ஒப்புக்கொண்டார்கள். சரக்குக் கட்டணம் மட்டும் பட்டறையுடையது என்றார்கள், பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

அதே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மாற்றிய பாகத்துக்கு மூல வாரண்டியில் மீதமுள்ள காலம் மட்டுமே பொருந்தும். மூல வாரண்டியோ ஜூலை 9 அன்றே முடிந்துவிட்டது. மூன்றரை லட்ச ரூபாய்ப் புது ஸ்பிண்டில் பூஜ்ய நாள் வாரண்டியோடு பெட்டியில் வந்து இறங்கியது. பொருத்தி முடித்துப் புகார் தீர்ந்தது என்று எஞ்சினியர் நீட்டிய தாளை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, ஸ்பிண்டிலுக்குப் பொருத்திய நாளிலிருந்து ஆறு மாதம் என்று மின்னஞ்சல் வரட்டும், கையெழுத்து அதற்குப் பிறகு என்றார். எஞ்சினியர் வெளியே போய்ப் போனில் பேசினார். மின்னஞ்சல் மறுநாள் காலை வந்தது.